அய்ந்தாவது ஆள் எங்கே போனான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாங்கள் காலனிச் சாவடியில் நடத்துகிற சட்ட வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, "அண்ணே, இந்தக் கேள்விக்கு நான் போட்ட விடை தப்புன்னு போட்டிருக்கு. எப்படிண்ணே தப்பு?" என்று கேட்டாள். சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறவள். அவள் குடும்பத்தில் நீதிமன்றப் படி ஏறியவர்கள் உண்டு. எல்லோரும் எதிரிகளாகவோ சாட்சிகளாகவோ ஏறியவர்கள். கையிலிருந்தது பயிற்சி மையம் ஒன்று அச்சடித்துத் தந்த கொள்குறி வினாத் தொகுப்பு. கேள்வி இதுதான்:

"க, ச, ட, த, ப ஆகிய அய்ந்து பேர் முன்விரோதம் காரணமாக ம என்பவருக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று இரவில் அவர் வீட்டுக்குச் செல்கிறார்கள். க கையில் அரிவாள் இருக்கிறது. மற்றவர்கள் கையில் தடி இருக்கிறது. க, ம-வை வெட்டுகிறான். ம இறந்துவிடுகிறார். மற்ற நால்வரும் ம-வைத் தொடவில்லை. கொலைக்குப் பொறுப்பாளிகள் யார்?"

கீழே நாலு விடை. அவள் அய்ந்து பேரும் என்று குறித்திருந்தாள். விடைக்குறிப்பு, க மட்டும் என்கிறது. காரணமும் ஒரு வரியில் போட்டிருக்கிறார்கள்: மற்ற நால்வரும் எந்தச் செயலும் செய்யவில்லை, கொலை செய்ய முன்கூட்டிய மன ஒற்றுமை இல்லை, வெறுமனே உடனிருந்தது குற்றமாகாது.

கேள்வியைப் போட்டவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் போட்டிருக்க மாட்டார். ஒரு பழைய கைடைப் பார்த்து இன்னொரு கைடு எழுதியிருப்பார். ஆனால் அந்த ஒற்றை வரிக் காரணத்தில் இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். அந்தக் குழப்பத்தால் லாபம் அடைகிறவன் எப்போதும் ஒரே தெருக்காரனாகத்தான் இருக்கிறான். அதனால் இதை வகுப்போடு விட எனக்கு மனசில்லை.

கும்பலாகச் சேர்ந்து செய்கிற குற்றத்துக்குச் சட்டத்தில் இரண்டு கயிறு இருக்கிறது. ஒன்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பொதுக் கருத்து. 'காமன் இன்டென்ஷன்' என்று கோர்ட்டில் சொல்வார்கள். இன்னொன்று 149-ஆம் பிரிவு, பொது நோக்கம், 'காமன் ஆப்ஜெக்ட்.' 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 34 என்பது 3(5) ஆகியிருக்கிறது, 149 என்பது 190 ஆகியிருக்கிறது. எண்தான் மாறியது, கயிறு அதே கயிறு. இப்போது கைடு போடுகிறவர்களுக்குப் பழைய எண்ணுக்குப் புது எண் என்ன என்று கேட்பதிலேயே பாதிப் புத்தகம் நிரம்பிவிடுகிறது என்பது தனிக்கதை.

34-க்கு ஆள் கணக்கு கிடையாது. இரண்டு பேர் போதும். ஆனால் ரெண்டு மனசும் ஒன்றாகியிருக்க வேண்டும். கொல்ல வேண்டும் என்றால் கொல்ல வேண்டும் என்பதில் ஒன்றாகியிருக்க வேண்டும். அதோடு ஒவ்வொருவனும் அந்தக் காரியத்தில் ஏதோ ஒரு வகையில் பங்கெடுத்திருக்க வேண்டும். ஒரே மாதிரி எண்ணம் தனித்தனியாக இருந்தால் போதாது. இதற்குக் கைடுகள் எல்லாம் எடுத்துக்காட்டுவது மெகபூப் ஷா வழக்கு. சிந்து நதியில் நாணல் அறுத்துக்கொண்டு வந்தவர்களோடு தகராறு. உதவிக்குக் கூப்பிட்ட குரல் கேட்டு இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒருவன் சுட்டதில் ஒரு ஆள் செத்தான். மெகபூப் ஷா சுட்டதில் இன்னொரு ஆள் காயம்பட்டான். அந்தச் சாவுக்கு மெகபூப் ஷாவையும் பொறுப்பாக்க முடியாது என்று 1945-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. தங்கள் ஆளைக் காப்பாற்றுகிற எண்ணம் இருவருக்கும் இருந்திருக்கலாம், சேர்ந்து கொல்கிற கருத்து நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். தீர்ப்பு சரியா தப்பா என்று இங்கே வாதாட வேண்டாம். விடைக்குறிப்பில் இருந்த 'முன்கூட்டிய மன ஒற்றுமை' என்ற சொல் எந்தக் கிணற்றிலிருந்து மொண்டது என்று தெரிந்தால் போதும்.

149 வேற சங்கதி. அதற்கு அய்ந்து பேர் வேண்டும். 141-ஆம் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உள்ள ஏதாவது ஒரு நோக்கத்துக்காக அய்ந்தோ அதற்கு மேலோ பேர் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கம் தெரிந்தே அதில் சேருகிறவனும், சேர்ந்தபின் தெரிந்துகொண்டும் விலகாமல் நிற்கிறவனும் அதன் உறுப்பினன். அப்புறம் 149 சொல்கிறது: அந்த நோக்கத்தை நிறைவேற்றுகிற வேலையில் கூட்டத்தில் ஒருவன் குற்றம் செய்தால், அந்த நேரத்தில் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவனும் அந்தக் குற்றத்துக்குக் குற்றவாளி. இது முதல் பாதி. இரண்டாவது பாதியைத்தான் கைடுகள் முழுங்கிவிடுகின்றன: அந்த நோக்கத்துக்காகப் போகும்போது இப்படி ஒரு குற்றம் நடக்கக்கூடும் என்று உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தாலும் போதும்.

ஆக இங்கே மனசு ஒன்றாக வேண்டியதில்லை. அவன் கை மேலே பட வேண்டியதில்லை. 'நீ அடித்தாயா?' என்பது 149-இன் கேள்வியே அல்ல. 'நீ அந்தக் கூட்டத்தில் ஒருத்தனா? இது நடக்கும் என்று உனக்குத் தெரியுமா?' என்பதுதான் கேள்வி.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்குத் திரும்பி வாருங்கள். அய்ந்து பேர் இருக்கிறார்கள். பாடம் புகட்டுவது என்றால் அடிப்பது; அது ஒரு குற்றம், அதனால் 141-இன் பட்டியலில் வருகிறது. சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிட்டது. நாலு பேரும் கடைசிவரை அங்கேயே இருந்தார்கள். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி, அரிவாள் வெட்டு நடக்கக்கூடும் என்று அந்த நாலு பேருக்கும் தெரியுமா? விடைக்குறிப்பு இந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. ஆனால் அவள் தொட்டாள். "அரிவாளை ஒளிச்சு வச்சிருந்தான்னு கேள்வியில இல்லையேண்ணே. ராத்திரி அரிவாளோட ஒருத்தன் முன்னால போறான், பின்னால தடியோட நாலு பேர் போறாங்க. அவன் எதுக்குப் போறான்னு அவங்களுக்குத் தெரியாதா? எங்க ஊர்ல தோள்ல போட்டுக்கிட்டுத்தாண்ணே வருவாங்க, நாம பாக்கணும்னு."

இதுதான் சட்டம். ஆயுதம் என்ன, அது கண்ணுக்குத் தெரிந்ததா, எந்த நேரத்தில் போனார்கள், போகும்போது என்ன பேசிக்கொண்டார்கள், வெட்டு விழுந்தபின் நின்றார்களா ஓடினார்களா என்பதையெல்லாம் வைத்துத்தான் 'தெரியும்' என்பதை நீதிமன்றம் முடிவு செய்கிறது. க இடுப்பில் ஒரு சூரிக்கத்தியை ஒளித்து வைத்திருந்தான், மற்ற நாலு பேரும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வரலாம் என்று போனார்கள் என்று கேள்வி சொல்லியிருந்தால், விடைக்குறிப்பு சரியாக இருக்கலாம். கேள்வி அப்படிச் சொல்லவில்லை. உள்ளதை வைத்துப் பார்த்தால் அவள் போட்ட விடைதான் சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். ப என்கிற அய்ந்தாவது ஆளைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது: அதே ராத்திரி, அதே அரிவாள், அதே சாவு. 149 போய்விட்டது. 34 மட்டும் மிச்சம். இப்போது தடி வைத்திருந்த மூன்று பேருக்கும் கொல்கிற கருத்து இருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். 'நடக்கக்கூடும் என்று தெரியும்' என்பது இங்கே போதாது. வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒரு ஆள் கணக்கில் குறைந்தால் மூன்று பேர் கொலையிலிருந்து இறங்கி நடந்து போக வழி பிறக்கிறது.

கைடு எழுதுகிறவருக்கு அய்ந்து என்பது மனப்பாடம் செய்கிற எண். 'சட்டவிரோதக் கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர்? மூன்று, நான்கு, அய்ந்து, ஏழு.' நமக்கு அது அப்படி இல்லை. அந்த அய்ந்தாவது ஆளை ஆக்குவதும் அழிப்பதும் காவல் நிலையத்தில் ஒரு ரைட்டரின் பேனா.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2009-இல் நான் வக்கீலாகப் பதிவு செய்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஊரில் நம்மாட்களில் ஒரு கிழவி செத்துப்போனாள். மழைக்காலம். சுடுகாட்டுக்கு எப்போதும் போகிற ஓடைப் பாதையில் இடுப்பளவு தண்ணி. ஊர்த்தெரு வழியாகப் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையார் கோயில் முக்கில் முப்பது நாற்பது பேர் குறுக்கே நின்றார்கள். தெருவிளக்கை யாரோ அணைத்தார்கள். முன்பக்கம் பாடை தூக்கியவன் தோளில் அரிவாள் விழுந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் செத்தான்.

எஃப்.ஐ.ஆரில் மூன்று பேர். கொலை, 34 சேர்த்து. 'மற்றும் அடையாளம் தெரியக்கூடிய சிலர்' என்ற நாலு வார்த்தை அதில் இல்லை. புகார் கொடுத்த அண்ணன்காரன் கோயில் முக்கில் நின்ற அத்தனை பேரையும் வாயால் சொன்னான். எழுதியவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கைநாட்டு வைத்தாகிவிட்டது. அன்றைக்குக் கிழவியின் பிணத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்களே நம்மாட்கள், அதற்கும் ஒரு எஃப்.ஐ.ஆர் அதே நிலையத்தில் போடப்பட்டது. அதில் இருபத்தெட்டுப் பேர் பெயர். 143, 147, 341, கூடவே 149. கடைசியில் அழகாக, 'மற்றும் பலர்.' அந்த ரைட்டருக்கு 34-க்கும் 149-க்கும் வித்தியாசம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். எந்தப் பயிற்சி மையத்தையும் விட அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

கொலை வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். வெட்டியவனுக்குத் தண்டனை கிடைத்தது. கூட இருந்த இரண்டு பேரும் கையில் தடி வைத்திருந்தார்கள், அடிக்கவில்லை, கொல்கிற பொதுக் கருத்து நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. 34-ஐ வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் சட்டப்படி பெரிய குறை சொல்ல முடியாது. மன ஒற்றுமை ஊர்ப் பொதுக்கூட்டத்தில் முந்தின ராத்திரியே ஏற்பட்டுவிட்டது என்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம்மில் யார் உட்கார்ந்திருந்தோம், போய்ச் சாட்சி சொல்ல? முதலில் போட்ட கயிறே குட்டைக் கயிறு. முக்கில் நின்ற மற்ற முப்பது பேரும் நீதிமன்றத்துக்குத் தேடிவந்த நிழல்கள்கூட இல்லை, பெயரே இல்லாதவர்கள்.

149 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 141-இன் பட்டியலை எடுத்துப் படியுங்கள், நாலாவது வகையைப் படியுங்கள். பலத்தைக் காட்டி ஒருவருடைய வழிநடை உரிமையையோ தண்ணீர் எடுக்கிற உரிமையையோ அனுபவிக்கவிடாமல் தடுப்பது. வழி, தண்ணீர்! 1860-இல் வெள்ளைக்காரன் வரப்புத் தகராறை நினைத்து எழுதியிருப்பான். ஆனால் நம் சேரியின் மொத்த வரலாறும் அந்த ரெண்டு சொல்லுக்குள் கிடக்கிறது. புதுச் சட்டத்தில் 189-ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. பாடையை மறிக்க முப்பது பேர் குறுக்கே நின்றதே அந்த நோக்கத்தோடு கூடிய கூட்டம். விளக்கை அணைத்தவன், அரிவாளைப் பார்த்தபின்னும் விலகாமல் நின்றவன், இப்படி ஒவ்வொருவனிடமும் கேட்பதற்குச் சட்டத்தில் கேள்வி இருந்தது: இது நடக்கக்கூடும் என்று உனக்குத் தெரியுமா? பதிலாகச் சிலர் தெரியாது என்று காட்டித் தப்பியிருக்கலாம். கேள்வியாவது கேட்கப்பட்டிருக்கும்.

நான் இத்தனை வருஷத்தில் பார்த்த வினாத்தொகுப்பு எதிலும் இந்த நாலாவது வகையை வைத்து ஒரு கேள்வி பார்த்ததில்லை. எல்லாக் கேள்வியிலும் 'முன்விரோதம்.' க-வுக்கும் ம-வுக்கும் என்ன விரோதம்? அவர்கள் எந்தத் தெரு? எழுத்துக்குச் சாதி கிடையாது என்பது கைடுக்காரர் வசதி.

விடைக்குறிப்பின் கடைசி வார்த்தையையும் விட்டுவிடக் கூடாது. வெறுமனே உடனிருந்தது குற்றமாகாது. இதற்கும் பரம்பரை உண்டு. 1956-இல் பாலாதீன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டத்தில் இருந்தான் என்பது மட்டும் போதாது, அவன் ஏதாவது செய்தான் என்று காட்ட வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னது. ஊர் முழுக்கக் கூடிவிடுகிற இடத்தில் வேடிக்கை பார்க்க வந்தவனும் இருப்பானே என்ற கவலை. கவலை நியாயமானதுதான், நம் பையன்களும் அந்தக் கவலையால் தப்பித்திருக்கிறார்கள். ஆனால் 1964-இல் மசால்தி வழக்கில் அதே நீதிமன்றம் திருத்தியது. அது அந்த வழக்கின் சூழ்நிலைக்குச் சொன்னது, பொதுவிதி அல்ல. உறுப்பினன் என்று நிரூபித்தால் அவன் தனியாக ஏதும் செய்தான் என்று காட்டத் தேவையில்லை என்றது. கைடுகள் 1956-ஐப் படித்துவிட்டு 1964-க்கு முன்னால் மூடிவைத்துவிட்டன.

மசால்தியில் இன்னொரு கூர்மையும் இருக்கிறது, அது நம்மைக் குத்துகிறது. பெரும் கும்பல் வழக்கில் ஒருவனைத் தண்டிக்க இரண்டு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் ஒரே மாதிரி அவனை அடையாளம் காட்ட வேண்டும் என்ற எச்சரிக்கையை அங்கே ஏற்றுக்கொண்டார்கள். அந்த வழக்கில் நாலு சாட்சி என்று வைத்திருந்தார்கள். இது சட்டமல்ல, எச்சரிக்கை. ஆனால் கீழே வரவர சட்டம் மாதிரி ஆகிவிட்டது. விளக்கு அணைந்த முக்கில், பாடையைப் போட்டுவிட்டு ஓடுகிற ஜனத்தில், ஒரே முகத்தை நாலு பேர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவன் எங்கே நின்று பார்த்தான் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். ஓடிக்கொண்டு பார்த்தேன் என்றால் பார்க்கவில்லை என்பார்கள். நின்று பார்த்தேன் என்றால், உன்னை ஏன் வெட்டவில்லை என்பார்கள்.

கேள்வித்தாளில் இதெல்லாம் கிடையாது. 'அய்ந்து பேர் செல்கிறார்கள்' என்று எழுதியதுமே அவர்கள் வந்தது உண்மை ஆகிவிடுகிறது. நம் வழக்கில் வந்தார்கள் என்பதை நிரூபிப்பதற்குள்ளேயே உயிர் போகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்தார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது, இத்தனை வசதியுள்ளவர்கள் தாங்களே நடந்து வந்து இதைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. காரே வைத்திருப்பவர் எப்படி நடந்து வருவார்! பொதுக் கருத்தா பொது நோக்கமா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லாமல் போயிற்று. அவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள் என்ற முதல் படியிலேயே வழக்கு சறுக்கிவிட்டது.

அதனால்தான் புகார் எழுத உதவுகிற தோழர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெட்டியவன் பெயரோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பேர் இருந்தார்கள் என்று உத்தேசமாகவேனும் எண்ணிக்கை எழுதுங்கள். பெயர் தெரிந்ததை எழுதிவிட்டு, பார்த்தால் அடையாளம் காட்டக்கூடிய மற்றவர்கள் என்றும் எழுதுங்கள். 1962-இல் மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: குற்றப்பத்திரிகை அய்ந்து பேரைப் பெயர் சொல்லி நிறுத்தி, அதில் இரண்டு பேர் விடுதலையானால், மிச்சம் மூன்று பேர் சட்டவிரோதக் கூட்டம் ஆக மாட்டார்கள். பெயர் தெரியாத வேறு ஆட்களும் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டிலும் சாட்சியத்திலும் இருந்தால் கணக்கு அய்ந்துக்குக் கீழே விழாது. அப்படி விழுந்தாலும் 34 பொருந்துமா என்று பார்க்க வழி இருக்கிறது. ஆனால் அது குட்டைக் கயிறு என்று மேலே பார்த்தோம். யார் கையில் என்ன இருந்தது, யார் வழியை மறித்தது, யார் சாதிப் பெயர் சொல்லிக் கத்தியது, யார் விளக்கை அணைத்தது என்பதெல்லாம் முதல் நாளே எழுத்தில் ஏற வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில் முதன்முதலாகச் சொன்னால் 'பின்னால் சேர்த்தது' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். ஒன்று மட்டும்: அங்கே இல்லாதவன் பெயரைப் பகைக்காகச் சேர்க்காதீர்கள். ஒரு பொய்ப் பெயர் பத்து உண்மைப் பெயரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடும். இதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புதுச் சட்டத்தில் 103(2) என்று ஒன்று வந்திருக்கிறது. அய்ந்து அல்லது மேற்பட்ட பேர் ஒருமித்துச் செயல்பட்டு, இனம், சாதி, பால், பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் ஒவ்வொருவருக்கும் மரணமோ ஆயுளோ தண்டனை. கும்பல் கொலைப் பிரிவுக்குள் சாதி என்ற சொல் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் எண்ணிக்கை 149 மாதிரி, 'ஒருமித்து' என்பது 34 மாதிரி. குறுக்கே நின்றவனுக்கு எது பொருந்தும்? நீதிமன்றங்கள் இதை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதில்தான் சண்டை நடக்கப்போகிறது. கைடில் இதற்கு வந்திருக்கிற கேள்வியைப் பார்த்தேன்: 'எத்தனை பேர்? மூன்று, அய்ந்து, ஏழு, பத்து.'

அடுத்த ஞாயிறு அந்தப் பெண் தானே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். அதில் க, ச கிடையாது. ஒரு பாடை, ஒரு முக்கு, அணைந்த விளக்கு, முப்பது பேர், ஒரு அரிவாள். பாடையைத் தடுக்க நின்றவர்களில் எவர் எவர் கொலைக்குப் பொறுப்பு, எந்தப் பிரிவில், அதைக் காட்ட என்னென்ன சாட்சியம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். நாலு விடைக்குள் அடங்காது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் நாலு விடை போட்டிருந்தாள். அதைப் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுக்கிறவரிடம் காட்டினாளாம். கேள்வி நீளமாக இருக்கிறது, பரீட்சைக்குத் தெருவெல்லாம் தேவையில்லை, 'முன்விரோதம்' என்று போட்டால் போதும் என்றாராம்.